பின்னணியைக் கழித்தால்தான் மை மிஞ்சும்: வண்ண பிடிஎஃப்பைக் கறுப்பு வெள்ளையில் அச்சிட எந்த வழி?

பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கம் தமிழ்வழியில் படிக்கிற பிள்ளைகளுக்குக் கேரள எஸ்சிஇஆர்டி பாடநூல்கள் பிடிஎஃப்பாகக் கிடைக்கின்றன. டியூஷன் நடத்துகிறவர்கள் ஒரு பாடத்தை மட்டும் பிரதி எடுத்துக் கொடுக்க நினைக்கும்போது ஒரு தொல்லை வருகிறது. அந்தப் புத்தகங்கள் வண்ணத்தில் அச்சாவதற்கென்று வடிவமைக்கப்பட்டவை. பக்கம் முழுக்க வெளிர் நீலம், பெட்டிக்குள் இன்னும் கொஞ்சம் அடர்ந்த நீலம், தலைப்பு கருநீலம், நடுவில் படங்கள். இதைக் கறுப்பு வெள்ளையில் அடித்தால் பக்கம் அழுக்குச் சாம்பலாக வருகிறது, எழுத்து மங்குகிறது, டோனரும் சீக்கிரம் தீர்ந்துபோகிறது.

இதற்குப் பெரும்பாலானோர் கையில் எடுப்பது அச்சுப் பெட்டியில் இருக்கும் ‘கிரேஸ்கேல்’ டிக். அது போதுமா, கோப்பையே மாற்ற வேண்டுமா, மாற்றினால் எப்படி மாற்றுவது என்பதைத்தான் இங்கே ஒப்பிட்டுப் பார்க்கிறோம். எதில் எவ்வளவு மிச்சம் என்பதற்கு முன், மை எங்கே போகிறது என்று தெரிய வேண்டும்.

மை எங்கே போகிறது

நம் ஊர் ஜெராக்ஸ் கடைகளில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் கேனன் எல்பிபி 2900, ஹெச்பி 1020 போன்ற சின்ன லேசர்களின் கார்ட்ரிட்ஜ் 2,000 பக்கம் வரும் என்று குறிக்கப்பட்டிருக்கிறது. அந்தக் கணக்கு பக்கத்தின் பரப்பில் 5 சதவீதம் மட்டும் கறுப்பு படிகிற பக்கத்துக்கு. ஒரு சாதாரணக் கடிதம் அந்த அளவில்தான் இருக்கும்.

இப்போது 24 பக்கப் பாடம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். எழுத்துக்கு 5 சதவீதம். பக்கம் முழுவதும் விரிந்த வெளிர் நீலம் சாம்பலாக மாறும்போது சுமார் 13 சதவீதக் கறுப்பு. பக்கத்தில் கால்வாசியை அடைக்கும் பெட்டிகள் 20 சதவீதம் என்றால், ஏற்கெனவே சேர்த்த 13 போக மொத்தப் பக்கத்துக்கு இன்னும் ஏறக்குறைய 2 சதவீதம் கூடும். ஆக, ஒரு பக்கத்துக்கு 20 சதவீதம். 2,000 பக்கம் வர வேண்டிய கார்ட்ரிட்ஜ் 500 பக்கத்தில் நிற்கும். 30 பிள்ளைகளுக்கு 720 பக்கம் அடிக்க ஒன்றரைக் கார்ட்ரிட்ஜ் வேண்டும். இதில் பிள்ளைகள் படிக்கப் போகும் எழுத்துக்குச் செலவானது கால் பங்குதான். முக்கால் பங்கு யாரும் படிக்காத பின்னணிக்குப் போனது. படங்களை இந்தக் கணக்கில் இன்னும் சேர்க்கவே இல்லை.

ஆகவே வழிகளை ஒப்பிடும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி, அந்த வழி பின்னணியை வெள்ளையாக்குகிறதா என்பது. இரண்டாவது, எழுத்தை முழுக் கறுப்பாக்குகிறதா என்பது. இந்த இரண்டாவது கேள்வி தமிழுக்குக் கூடுதலாகவே முக்கியம்.

லேசர் அச்சுப்பொறியிடம் சாம்பல் நிறத் தூள் கிடையாது. கறுப்புப் புள்ளிகளைக் கொஞ்சம் இடைவெளி விட்டு வைத்துத்தான் அது சாம்பலைக் காட்டுகிறது. 600 டிபிஐ இயந்திரத்தில் அந்தப் புள்ளிகளுக்கு இடையிலான தூரம் சுமார் கால் மில்லிமீட்டர். பத்துப் புள்ளி அளவில் அச்சான தமிழ் எழுத்தின் கோட்டுத் தடிமனும் ஏறக்குறைய அவ்வளவுதான். எழுத்து முழுக் கறுப்பாக இருந்தால் இந்தப் புள்ளித் திரைக்கு அங்கே வேலையே இல்லை, விளிம்பு கூர்மையாக விழும். எழுத்து நீலமாகவோ சாம்பலாகவோ இருந்தால் அதுவும் புள்ளிகளாக உடைகிறது. முதலில் காணாமல் போவது மெய்யெழுத்தின் மேல்புள்ளி. ‘பட்டம்’ என்பது ‘படடம’ என்று நிற்கும். அடுத்து எ, ஏ இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மங்கும். இதே பக்கங்களில் வரும் மலையாளத்திலும் சந்திரக்கலை என்னும் மேல்வளைவுக்கு இந்தக் கதிதான்.

அச்சுப் பெட்டியின் டிக்

அடோபி ரீடரில் அச்சிடும்போது `Print in grayscale` என்றும் `Save ink/toner` என்றும் இரண்டு கட்டங்கள் இருக்கின்றன. முதலாவதைத் தட்டினால், கறுப்பு மட்டும் உள்ள லேசரில் ஒரு பொட்டு மையும் மிஞ்சாது. அந்த இயந்திரம் எப்படியும் வண்ணத்தைச் சாம்பலாக மாற்றித்தான் ஆக வேண்டும். மாற்றும் வேலையை ரீடர் செய்கிறதா, டிரைவர் செய்கிறதா என்பதில்தான் வேறுபாடு.

இங்க் டேங்க் வைத்திருப்பவர்களுக்கு நிலைமை வேறு. அங்கே கிரேஸ்கேல் என்று சொன்னாலும் பல மாடல்கள் சாம்பலை நிரவலாகக் காட்ட வண்ண மைகளையும் கலக்கின்றன. ஹெச்பி டிரைவர்களில் `Black Ink Only` என்று தனியாக ஒரு தேர்வு இருந்தால் அதைத்தான் எடுக்க வேண்டும். காகித வகை `Plain Paper` என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். அங்கே போட்டோ பேப்பர் என்று கிடந்தால் கறுப்பு எழுத்தைக்கூட வண்ண மைகளைக் கலந்து அடிக்கும் இயந்திரங்கள் உண்டு. அப்படி அடித்ததா என்று கண்டுபிடிப்பது எளிது: நல்ல வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் சாம்பல் பகுதியில் இளஞ்சிவப்போ பச்சையோ இழையோடும். (ஹெட் கிளீனிங் ஓடும்போது வண்ண மையும் குறையும். அதை எந்த டிக்கும் தடுக்காது.)

`Save ink/toner`, டிரைவரில் இருக்கும் டிராஃப்ட், டோனர் சேவ் ஆகியவை எல்லாவற்றையும் ஒரே விகிதத்தில் மெலிதாக்குகின்றன. அதுதான் அவற்றின் குறை. பின்னணியை 13லிருந்து ஒன்பதோ பத்தோ ஆக்குவதற்காக எழுத்தையும் முழுக் கறுப்பிலிருந்து இறக்கிவிடுகின்றன. எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள இடைவெளி கூடுவதில்லை. கறுப்பாக நின்ற எழுத்து சாம்பலாகி, மேலே சொன்ன புள்ளித் திரைக்குள் விழுகிறது. வெள்ளைப் பின்னணியில் பெரிய எழுத்துள்ள ஒரு அறிவிப்புக்கு டிராஃப்ட் போதும். பாடநூலுக்கு அது கூடாது என்பது நம் கருத்து.

எழுத்தை மட்டும் கறுப்பாக்கும் வழி

கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற இலவச மென்பொருள் பிடிஎஃப்பின் உள்ளே போய் நிறங்களை மாற்றும். எழுத்து எழுத்தாகவே இருக்கும், படமாகாது, கோப்பும் பெருக்காது. விண்டோஸில் நிறுவிய பிறகு, கோப்பு இருக்கும் ஃபோல்டரில் கட்டளைச் சாளரத்தைத் திறந்து இதை அடிக்கலாம்:

```
gswin64c -sDEVICE=pdfwrite -sColorConversionStrategy=Gray -dBlackText -o karuppu.pdf paadam.pdf
```

கட்டளை கிடைக்கவில்லை என்று சொன்னால், நிறுவிய ஃபோல்டரில் உள்ள `bin` பாதையை முழுதாகக் கொடுக்க வேண்டும். லினக்ஸில் முதல் சொல் `gs`. நடுவில் உள்ள `-sColorConversionStrategy=Gray` எல்லாவற்றையும் சாம்பலாக்குகிறது. `-dBlackText` புதிய பதிப்புகளில் இருக்கும் வசதி. நீல எழுத்து, சாம்பல் எழுத்து எல்லாவற்றையும் முழுக் கறுப்பாக்குகிறது. மெய்ப்புள்ளிகளைக் காப்பாற்ற இதைவிடச் சுத்தமான வழி இல்லை.

மூன்று இடங்களில் இது கைகொடுக்காது. கருநீலப் பட்டையின் மேல் வெள்ளை எழுத்தில் தலைப்பு இருந்தால், மாற்றிய பிறகு அந்த எழுத்து வெள்ளையாகவே இருக்கிறதா, கறுப்பில் கறுப்பாகக் கலந்துவிட்டதா என்று திரையில் பார்த்துக்கொள்ள வேண்டும். பாடநூல் வடிவமைப்பவர்கள் அலங்காரத் தலைப்புகளைக் கோட்டு வடிவமாக மாற்றிவிடுவதுண்டு. அது மென்பொருளின் கண்ணுக்கு எழுத்தே இல்லை, எனவே சாம்பலாகவே நிற்கும். சுட்டியால் இழுத்துத் தெரிவு செய்ய முடியாத தலைப்பு என்றால் இந்த வகை என்று வைத்துக்கொள்ளலாம். மூன்றாவதுதான் பெரிது: பின்னணி அப்படியே இருக்கிறது. 20 சதவீதம் 20தான்.

பின்னணியை எடுக்க அதே கட்டளையில் `-dFILTERVECTOR` சேர்க்கலாம் என்று சொல்வார்கள். அது கோட்டு வடிவங்கள் அனைத்தையும் நீக்கும். வெளிர் நீலம் போகும். கூடவே அட்டவணைக் கோடுகள், வரைபடங்கள், அடிக்கோடுகள் எல்லாம் போகும். பட்டை போனதும் அதன் மேல் இருந்த வெள்ளைத் தலைப்பு வெள்ளைத் தாளில் மறைந்துவிடும். வெறும் உரைநடைப் பாடமாக இருந்தால் முயலலாம். கணக்குப் புத்தகத்தில் வேண்டாம்.

பின்னணியை வெளுக்கும் வழி

நம் 24 பக்கப் பாடத்துக்கு ஏற்றது இதுதான். இமேஜ்மேஜிக் என்ற இலவச மென்பொருள் ஒவ்வொரு பக்கத்தையும் படமாக மாற்றி, வெளிறிய சாம்பலை வெள்ளையாகவும் அடர்ந்த சாம்பலைக் கறுப்பாகவும் தள்ளும். பிடிஎஃப்பைத் திறக்க அதற்கும் கோஸ்ட்ஸ்கிரிப்ட் தேவை என்பதால் இரண்டையும் நிறுவிக்கொள்ள வேண்டும்.

```
magick -density 300 paadam.pdf[0-5] -background white -alpha remove -colorspace Gray -level 25%,78%,1.2 -compress zip veluppu1.pdf
```

இதில் உயிர்நாடி `-level` என்ற பகுதி. 0 கறுப்பு, 100 வெள்ளை என்று வைத்துக்கொண்டால், 25க்குக் கீழே உள்ளதெல்லாம் முழுக் கறுப்பாகும், 78க்கு மேலே உள்ளதெல்லாம் முழு வெள்ளையாகும். நடுவில் உள்ளவை அந்த இடைவெளிக்குள் விரித்துப் பரப்பப்படும். கடைசியில் உள்ள 1.2 நடுச் சாம்பலைக் கொஞ்சம் வெளிறச் செய்கிறது. லேசரில் படத்தின் நடுச் சாயல்கள் திரையில் தெரிவதைவிடக் கறுத்துத்தான் விழும்; அதை ஈடுகட்டுவதற்கு இது.

25, 78 என்ற எண்களை எப்படிப் பிடிப்பது? பெயின்ட் போன்ற ஒரு மென்பொருளில் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்டைத் திறந்து, நிறம் எடுக்கும் துளிக்கருவியால் பின்னணியைத் தொட்டால் சிவப்பு, பச்சை, நீல எண்கள் கிடைக்கும். சிவப்பை 0.30ஆலும், பச்சையை 0.59ஆலும், நீலத்தை 0.11ஆலும் பெருக்கிக் கூட்டி, 255ஆல் வகுத்தால் அதன் வெளிச்சம் கிடைக்கும். மென்பொருளுக்கு மென்பொருள் இந்தப் பெருக்கெண்கள் சற்று மாறும், இந்தக் காரியத்துக்கு அது பொருட்டில்லை. பக்கப் பின்னணி 204, 229, 240 என்றால் வெளிச்சம் 87 சதவீதம். பெட்டி 173, 216, 230 என்றால் 80. இரண்டும் வெள்ளையாக வேண்டுமென்றால் மேல் எல்லை 80க்குக் கொஞ்சம் கீழே, அதாவது 78. தலைப்பின் கருநீலம் 0, 51, 153 என்றால் வெளிச்சம் 18. அது முழுக் கறுப்பாக வேண்டுமென்றால் கீழ் எல்லை 18க்கு மேலே, அதாவது 25. மேல் எல்லையை 60 வரை இறக்கினால் இன்னும் மிச்சமாகுமே என்று தோன்றும். அப்போது படங்களில் முகம், வானம், சட்டை எல்லாம் வெளுத்து வெறும் கோடாகிவிடும்.

இப்படி வெளுத்த பிறகு எழுத்துக்கு 5, படங்களுக்கு 2 என்று பக்கத்துக்கு 7 சதவீதம் என்று வைத்தால், கார்ட்ரிட்ஜ் 1,400 பக்கத்துக்குச் சற்று மேல் வரும். 720 பக்கத்துக்குப் பாதிதான் செலவு.

இந்த வழியில் சறுக்கும் இடங்கள் சில. 300 டிபிஐயில் ஒரு ஏ4 பக்கம் 87 லட்சம் புள்ளிகள். 24 பக்கத்தையும் ஒரே அடியில் கொடுத்தால் 4 ஜிபி நினைவகமுள்ள கணினி திணறி நிற்கும். அதனால்தான் கட்டளையில் `[0-5]` என்று முதல் ஆறு பக்கம் மட்டும் இருக்கிறது. எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்குகிறது, அடுத்தது `[6-11]`, அதன் கடைசிப் பெயர் `veluppu2.pdf`, இப்படியே நான்கு முறை. `-alpha remove` விட்டுப்போனால் சில கோப்புகளில் பக்கம் முழுக்கக் கறுப்பாக வரும், ஏனென்றால் பின்னணியே இல்லாத ஒளிபுகும் பக்கத்தை மென்பொருள் கறுப்பு என்று எடுத்துக்கொள்கிறது. `-compress zip` இடத்தில் ஜேபெக் போட்டால் கோப்பு சிறுக்கும், ஆனால் எழுத்தைச் சுற்றிக் கறை படியும். இந்தக் கட்டளையை `.bat` கோப்பில் எழுதி வைப்பவர்கள் ஒவ்வொரு `%` குறியையும் இரண்டாக எழுத வேண்டும். உபுண்டுவில் `magick` கிடைக்கவில்லை என்றால் அந்த இடத்தில் `convert` போடுங்கள். அங்கே பிடிஎஃப்புக்கு அனுமதி இல்லை என்று பிழை வந்தால், இமேஜ்மேஜிக்கின் `policy.xml` கோப்பில் அந்தத் தடை இருக்கும். எழுத்து மிகப் பொடியாக இருந்தால் 300ஐ 400 ஆக்குங்கள், புள்ளிகள் பிழைக்கும்.

`-level` பகுதியை எடுத்துவிட்டு `-threshold 60%` போட்டால் சாம்பலே இல்லாத தூய கறுப்பு வெள்ளை கிடைக்கும். பழைய வினாத்தாளின் ஸ்கேன், காகிதம் பழுத்த விண்ணப்பம் இவற்றுக்கு அது அருமை. படம் உள்ள பக்கத்தில் முகங்கள் மைக்கறையாகிவிடும். கேரள அரசு வேலைக்கான பிஎஸ்சி தேர்வின் ஹால் டிக்கெட் போன்றவற்றில் போட்டோவை அடையாளம் காண முடியாமல் போனால் தேர்வு வாசலில்தான் தெரியும். அந்த வகைத் தாள்களை எந்த வழியிலும் வெளுக்காமல் சாதாரண கிரேஸ்கேலில் அடிப்பதே சரி.

எந்த வழியும் காப்பாற்றாத பக்கம்

சாம்பலாக்கும்போது நிறம் போய் வெளிச்சம் மட்டுமே மிஞ்சுகிறது. வெளிச்சம் ஒன்றாக உள்ள இரண்டு நிறங்கள் ஒரே சாம்பலாகிவிடும். மழை அளவைக் காட்டும் பட்டை வரைபடம் ஒன்றில் தென்மேற்குப் பருவமழை சிவப்பு, வடகிழக்குப் பருவமழை பச்சை என்று வைத்துக்கொள்வோம். சிவப்பு 255, 0, 0 என்றால் மேலே சொன்ன கணக்கில் 76. பச்சை 0, 128, 0 என்றால் அதுவும் 76. பாலக்காட்டுப் பிள்ளைக்கு எந்த மழை எது என்று அந்தத் தாள் சொல்லாது. மஞ்சள் 227 வரை போய் வெள்ளைத் தாளோடு கலந்துவிடும், நீலம் 28ல் நின்று கறுப்பாகத் தெரியும்.

கோட்டுச் சித்திரமாக உள்ள நிலப்பட வகைகளிலும் இதே சிக்கல். இளமஞ்சள் மாவட்டமும் இளம்பச்சை மாவட்டமும் `-level` கட்டளைக்குப் பின் இரண்டுமே வெள்ளை; எல்லைக்கோடு மட்டும் மிஞ்சும். மூலக் கோப்பு கையில் இருந்தால் நிறத்துக்குப் பதில் சாய்கோடு, புள்ளி என்று நிரப்பலாம். பிடிஎஃப் மட்டும்தான் என்றால், ஒரு பிரதியை அடித்து, பட்டைகளின் மேலேயே கறுப்புப் பேனாவால் பெயரை எழுதி, அதை மூலமாக வைத்து ஜெராக்ஸ் எடுப்பதுதான் வேகமான வழி.

ஆகவே ஒரே வழியில் 24 பக்கத்தையும் தள்ளத் தேவையில்லை. வெளுத்த பகுதிகளை முதலில் ஒன்றாக்கி `veluppu.pdf` என்று வைத்துக்கொண்டு, நிலப்படம் உள்ள 11ஆம் பக்கத்தை மட்டும் கோஸ்ட்ஸ்கிரிப்ட் மாற்றிய கோப்பிலிருந்து எடுக்கலாம். இரண்டு வேலைக்கும் கியூபிடிஎஃப் என்ற சின்ன மென்பொருள் போதும். இங்கே பக்க எண் ஒன்றிலிருந்துதான் தொடங்குகிறது.

```
qpdf --empty --pages veluppu1.pdf veluppu2.pdf veluppu3.pdf veluppu4.pdf -- veluppu.pdf
qpdf --empty --pages veluppu.pdf 1-10 karuppu.pdf 11 veluppu.pdf 12-24 -- mudivu.pdf
```

சோதனைக்கு முதல் பக்கத்தை அடிக்காதீர்கள், அது எப்போதும் நன்றாகத்தான் வரும். பெட்டிக்குள் பொடி எழுத்துள்ள பக்கம் ஒன்று, படமுள்ள பக்கம் ஒன்று, இரண்டு போதும். பொடி எழுத்தில் மெய்ப்புள்ளிகள் தனித்தனியாகத் தெரிகின்றனவா, படத்தில் முகத்தின் நிழல் பக்கத்தில் கண் தெரிகிறதா என்று பாருங்கள். கண் கறுப்பில் மூழ்கியிருந்தால் 25ஐ 18க்குப் பக்கத்தில் இறக்குங்கள். பின்னணியில் மணல் தூவினாற்போலப் புள்ளிகள் மிஞ்சியிருந்தால் 78ஐ இரண்டு மூன்று குறையுங்கள்.

வீட்டில் தயாரித்த கோப்பைப் பென்டிரைவில் கடைக்குக் கொண்டுபோகிறீர்கள் என்றால், டோனர் சேவை நிறுத்திவிட்டு அடிக்கச் சொல்லிக் கேளுங்கள். பல கடைகளில் அது எப்போதும் போட்டே இருக்கும். வெளுத்த கோப்பில் அது மிச்சப்படுத்த எழுத்தைத் தவிர வேறொன்றும் பெரிதாக இல்லை, ஆகவே அது எழுத்தில்தான் கை வைக்கும்.